தாங்காத சங்கிலியும் தாங்கும் நாளும்
திட்ட மேலாண்மைப் பாடத்துக்குச் சில தாய்மொழிச் சொற்கள்

தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு பயின்று, இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்து, பின்னர் போலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ ஆங்கிலத்தில் பாடம் கேட்க நேரும் நம் மாணவர்கள் பலர். அவர்களுக்குத் திட்ட மேலாண்மை என்னும் பாடம் வரும்போது கணக்கு கடினமாக இருப்பதில்லை. கூட்டலும் கழித்தலும்தான் அதிலுள்ள கணக்கு. சொல்தான் தடுக்கிறது. ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி, முதலில் கண்ட தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தமிழ்ச் சொல் தவறான திக்கில் இழுத்துச் செல்கிறது.

நம் கடைக்கு வரும் மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டை நம்மிடம் காட்டினார். 'கிரிட்டிக்கல் பாத்' என்பதற்கு எதிரே 'மிக முக்கியமான வேலைகள்' என்று எழுதியிருந்தார். அதற்கும் முன்னர் 'விமர்சனப் பாதை' என்று எழுதி அடித்திருந்தார். அகராதியின் உபயம் அது. 'ஃப்ளோட்' என்பதற்கு 'மிதவை' என்றிருந்தது. "மாமா, மின்வேலையில் தப்பு நடந்தால் கடையே எரிந்துபோகும். அதனால் அதுதானே கிரிட்டிக்கல்?" என்று கேட்டார். விரிவுரையாளர் அந்த விடைக்குச் சுழியம் போட்டிருந்தார். பையனின் நியாயம் பிசகில்லை. அவர் எழுதி வைத்த பொருளுக்கு அந்த விடை சரியே. எழுதி வைத்த பொருள்தான் பிசகு.

ஆகவே இப்பாடத்தின் நடுவேராக உள்ள நாலைந்து சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நாம் அறிந்த தொழிலில் வைத்துப் பொருள் காண்போம். ஒரு மளிகைக் கடைக்காரர் பக்கத்து ஊரில் கிளைக்கடை திறக்கிறார். கடைவீட்டின் சாவி கைக்கு வந்துவிட்டது. இனி நடக்க வேண்டியவை இவை. மின்கம்பி இழுக்க 6 நாள். அது முடிந்தபின் சுவருக்குச் சாயம் பூச 3 நாள். சாயம் காய 1 நாள். இதற்கிடையில் தச்சர் தம் பட்டறையில் சரக்குத் தட்டுகளைச் செய்ய 12 நாள். அளவு முன்பே எடுத்தாகிவிட்டது, சாவி வாங்கிய நாளே அவர் தொடங்கலாம். தட்டுகளைக் கடைக்குள் பொருத்த 2 நாள். மொத்த வியாபாரியிடம் சொல்லிச் சரக்கு வந்து சேர 7 நாள். சரக்கை அடுக்க 3 நாள். பெயர்ப்பலகை செய்து வெளியே மாட்ட 9 நாள். அனைத்தும் முடிந்ததும் கடை திறக்கலாம்.

எத்தனை நாளில் திறக்கலாம்? எல்லா நாளையும் கூட்டினால் 43 வருகிறது. அது விடையன்று, பல வேலைகள் ஒரே காலத்தில் நடக்கின்றன. அதிக நாள் பிடிக்கும் வேலை 12 நாள். அதுவும் விடையன்று, தட்டுச் செய்தபின்னும் வேலை இருக்கிறது.

எந்த வேலை எதை எதிர்பார்த்து நிற்கிறது என்று முதலில் எழுத வேண்டும். பாடநூல் இதை 'டிபென்டென்சி' என்கிறது. 'சார்பு' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். பிழையில்லை, ஆனால் எது எதைச் சார்ந்தது என்பதில் மாணவர் தலைகீழாகப் போய்விடுகிறார். 'முன்வேலை', 'பின்வேலை' என்று வைத்துக்கொண்டால் அம்மயக்கம் வராது. 'ப்ரெடிசெஸர்' முன்வேலை; 'ஸக்ஸெஸர்' பின்வேலை. ஒவ்வொரு வேலைக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எது முடிந்தால் இதில் கை வைக்கலாம்? சாயத்துக்கு முன்வேலை மின்கம்பி. தட்டுப் பொருத்துவதற்கு முன்வேலை இரண்டு: தட்டுச் செய்து முடிந்திருக்க வேண்டும், சாயமும் காய்ந்திருக்க வேண்டும். சரக்கு அடுக்குவதற்கும் இரண்டு: தட்டுப் பொருத்தியிருக்க வேண்டும், சரக்கும் வந்திருக்க வேண்டும். பெயர்ப்பலகைக்கும் சரக்கு வரவழைப்பதற்கும் சாவி தவிர வேறு முன்வேலை இல்லை.

சாயம் காயும் அந்த ஒரு நாளைக் கவனிக்கவும். அன்று யாருக்கும் கூலி இல்லை, யாரும் வேலை செய்வதில்லை. ஆனாலும் நாள் போகிறது. இதற்கு 'லேக்' என்று பெயர். 'பின்னடைவு' என்று குறிப்பேட்டில் இருந்தது. பின்னடைவு என்றால் தோல்வி போல் தொனிக்கிறது. இங்கே யாரும் பின்தங்கவில்லை. 'காத்திருப்பு நாள்' என்று எழுதுவதே பொருந்தும். வேலை நாளுக்கும் காத்திருப்பு நாளுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. வேலை நாளை ஆள் கூட்டிக் குறைக்கலாம். பத்து ஆளை நிறுத்தினாலும் சாயம் தன் நேரத்தில்தான் காயும். மேலும், விடுமுறை நாளில் ஒயர்மேன் வரமாட்டார். சாயம் விடுமுறையிலும் காயும்.

இனி நாளை எண்ணுவோம். சாவி வாங்கிய நேரத்தைச் சுழியம் என்று வைக்கவும். மின்கம்பி 6ஆம் நாள் முடிவில் தீரும். சாயம் 9இல் தீரும். காய்ந்து முடிய 10. தச்சர் தட்டுச் செய்து முடிக்க 12. இப்போது தட்டுப் பொருத்துவது எப்போது தொடங்கும்? ஒரு முன்வேலை 10இல் தயார், மற்றொன்று 12இல் தயார். இரண்டும் வேண்டுமாதலால் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். 12இல் தொடங்கி 14இல் முடியும். சரக்கு 7ஆம் நாளே வந்து மூலையில் காத்திருக்கும். தட்டு 14இல்தான் தயார். ஆகவே அடுக்குவது 14இல் தொடங்கி 17இல் முடியும். பெயர்ப்பலகை 9இலேயே முடிந்துவிட்டது. கடை 17 நாளில் திறக்கலாம். இவ்வாறு முன்னோக்கிக் கூட்டிச் செல்வதே 'ஃபார்வர்ட் பாஸ்'. சில நூல்கள் சுழியத்தில் தொடங்கும், சில நூல்கள் முதல் நாளை 1 என்று தொடங்கும். தம் விரிவுரையாளர் எந்த முறை என்று கேட்டுக்கொள்வது நலம். மொத்த நாள் மாறாது, கட்டத்துள் எழுதும் எண் மாறும்.

அந்த 17 எங்கிருந்து வந்தது? தட்டுச் செய்தல் 12, பொருத்துதல் 2, அடுக்குதல் 3. இம்மூன்றும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு, இடையில் ஒரு நாள்கூடச் சும்மா இராமல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை போகின்றன. இம்மூன்றில் எதில் ஒரு நாள் தவறினாலும் கடை திறப்பு ஒரு நாள் தள்ளிப்போகும். இதுவே கிரிட்டிக்கல் பாத். மலாய் நூலில் 'லாலுவான் கிரித்திக்கல்' என்று கண்டதும் இதுவே. ஒரு நாள் தாமதத்தைக்கூடத் தாங்காத வரிசை என்பதே அதன் பொருள். ஆகவே நாம் இதைத் 'தாங்காத சங்கிலி' என்று அழைக்கலாம் என்பது நமது எண்ணம்.

சங்கிலி என்பது நாம் புதிதாகக் கட்டியதன்று. 1957இல் அமெரிக்காவின் டுபான்ட் கம்பெனியைச் சேர்ந்த மார்கன் வாக்கர் என்பவரும், ரெமிங்டன் ராண்ட் கம்பெனியின் கணிதர் ஜேம்ஸ் கெல்லி என்பவரும் இம்முறையை உருவாக்கினார்கள். இரசாயனத் தொழிற்சாலைகளைக் கட்டுவதிலும், பழுது பார்க்க நிறுத்துவதிலும் வீணாகும் நாளைக் குறைப்பது அவர்கள் நோக்கம். அவர்கள் இதைத் தலைமைச் சங்கிலி என்னும் பொருளில்தான் குறிப்பிட்டார்கள். கிரிட்டிக்கல் என்ற பெயர், அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை தன் பொலாரிஸ் ஏவுகணை வேலைக்காக வகுத்த 'பெர்ட்' என்னும் முறையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. பழைய பெயரே நின்றிருந்தால் நம் பையனுக்குச் சுழியம் கிடைத்திராது.

இனி மின்வேலைக்கு வருவோம். அது ஆபத்தான வேலை. உரிமம் பெற்ற ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். ஆயினும் அது தாங்காத சங்கிலியில் இல்லை. ஆபத்து வேறு, நாள் தாங்காமை வேறு. தட்டுச் செய்வது சாதாரண மரவேலை, பட்டறையில் எங்கோ நடக்கிறது, கடைக்காரர் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் திறப்பு நாளைக் கையில் பிடித்திருப்பது அதுதான். பல கடைக்காரர்கள் தினமும் ஒயர்மேன் பின்னால் நின்று விரட்டுவார்கள். தச்சரிடம் பத்தாம் நாள்தான் போய்க் கேட்பார்கள். பலகையே இன்னும் வரவில்லை என்ற பதில் கிடைக்கும்.

சங்கிலியில் இல்லாத வேலைகள் எத்தனை நாள் தாங்கும் என்பதை முடிவிலிருந்து பின்னோக்கிக் கழித்து அறிய வேண்டும். கடை 17இல் திறக்க வேண்டுமானால் அடுக்குவது 14இல் தொடங்கியாக வேண்டும். ஆகவே சரக்கு 14 வரை வரலாம். அது 7இலேயே வருகிறது. வித்தியாசம் 7 நாள். பெயர்ப்பலகை 17 வரை முடியலாம்; 9இல் முடிகிறது. வித்தியாசம் 8 நாள். தட்டுப் பொருத்துவது 12இல் தொடங்க வேண்டும். ஆகவே சாயம் 12க்குள் காய்ந்தால் போதும், 10இல் காய்கிறது. வித்தியாசம் 2 நாள். இந்த வித்தியாசத்துக்கே ஃப்ளோட் என்று பெயர். மிதவை என்றால் மாணவர் மனத்தில் ஆறும் தெப்பமும் வருமேயன்றி நாள் வராது. 'தாங்கும் நாள்' என்று எழுதவும். சரக்குக்குத் தாங்கும் நாள் 7. தாங்காத சங்கிலியில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் தாங்கும் நாள் சுழியம். இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று விளக்கமாக நிற்பதைக் காண்க.

பின்னோக்கி வரும்போது ஒரு வேலைக்குப் பல பின்வேலைகள் இருந்தால், முன்னோக்கிச் சென்றதற்கு மாறாகச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். நம் கணக்கில் சாவி வாங்குவதற்குப் பின்வேலை நான்கு. தட்டுச் செய்வது பிந்தினால் சுழியத்தில் தொடங்க வேண்டும், மின்கம்பி 2இல், சரக்கு 7இல், பெயர்ப்பலகை 8இல். நான்கில் சிறியது சுழியம். தொடக்கத்திற்குச் சுழியம் வந்தால் கணக்கு ஒத்துவிட்டது. வேறு எண் வந்தால் எங்கோ கழித்தலில் பிழை என்று அறியலாம்.

தேர்வில் அதிக மதிப்பெண் போவதும், தொழிலில் அதிகச் சண்டை வருவதும் அடுத்த இடத்தில்தான். மின்கம்பிக்குத் தாங்கும் நாள் 2. சாயத்துக்கும் தாங்கும் நாள் 2. ஆனால் அது வேறு வேறான இரண்டு இரண்டன்று. ஒரே இரண்டு நாளை இருவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கடைக்காரர் ஒயர்மேனிடம், "உமக்கு இரண்டு நாள் கூட இருக்கிறது" என்கிறார். சாயக்காரரிடமும் அதையே சொல்கிறார். இருவரும் தத்தம் இரண்டு நாளை எடுத்துக்கொள்கிறார்கள். மின்கம்பி 8இல் முடிகிறது, சாயம் 3க்குப் பதில் 5 நாள் பிடித்து 13இல் முடிகிறது, காய்ந்து 14. தட்டுப் பொருத்தி 16, அடுக்கி முடிய 19. இருவருமே சொன்ன வாக்கை மீறவில்லை, கடை மட்டும் இரண்டு நாள் பிந்துகிறது.

இதைப் பிரித்துக் காட்டவே பாடநூலில் 'டோட்டல் ஃப்ளோட்', 'ஃப்ரீ ஃப்ளோட்' என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. முன்னதைப் 'பொதுத் தாங்கல்' என்றும் பின்னதைத் 'தனித் தாங்கல்' என்றும் சொல்லலாம். பொதுத் தாங்கல் என்பது கடை திறப்பைத் தள்ளாமல் எத்தனை நாள் பிந்தலாம் என்பது. தனித் தாங்கல் என்பது அடுத்த ஆளைக்கூடத் தொந்தரவு செய்யாமல் எத்தனை நாள் பிந்தலாம் என்பது. மின்கம்பிக்குப் பொதுத் தாங்கல் 2. தனித் தாங்கல் சுழியம், ஏனெனில் ஒரு நாள் பிந்தினாலும் சாயக்காரர் ஒரு நாள் வீட்டில் உட்கார வேண்டும். சாயத்துக்குப் பொதுவும் 2, தனியும் 2. ஒருவரிடம் சொல்ல வேண்டியது அவருடைய தனித் தாங்கலை மட்டுமே. பொதுத் தாங்கலை முதலாளி தம் பெட்டியில் வைத்துக்கொள்வது உத்தமம்.

கணினியில் Microsoft Project என்னும் செயலியைப் பயில்வோர் ஒன்றைக் கவனிக்கவும். அங்கே ஃப்ளோட் என்ற சொல் இராது. `Total Slack`, `Free Slack` என்றிருக்கும். பொருள் ஒன்றே. முன்வேலையை `Predecessors` என்னும் பத்தியில் இட வேண்டும். சாயம் 3ஆம் வரியிலும் தட்டுச் செய்தல் 4ஆம் வரியிலும் இருந்தால், தட்டுப் பொருத்தும் வரியில் இவ்வாறு இடுவோம்:

```
3FS+1ed,4FS
```

`FS` என்பது முன்வேலை முடிந்தபின் பின்வேலை தொடங்கும் என்பது. `+1ed` என்பது ஒரு காத்திருப்பு நாள். வெறும் `d` இட்டால் செயலி அதை வேலை நாளாக எண்ணி விடுமுறையைத் தாண்டிச் செல்லும். `ed` இட்டால் விடுமுறையிலும் எண்ணும். சாயம் காய்வதற்கு `ed` தான் பொருந்தும். விடுமுறை எந்நாள் என்பதையும் செயலிக்குச் சொல்ல வேண்டும். கெடாவிலும் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜொகூரில் 2025 முதல் சனியும் ஞாயிறும். செயலி தானாக சனி ஞாயிற்றையே வைத்திருக்கும்.

இனிச் செலவு. கடைக்காரருக்கு 17 நாள் அதிகமாகப் படுகிறது. சாயக்காரர், "நூறு வெள்ளி கூடக் கொடுங்கள், ஒரு நாள் குறைக்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? சாயம் 9இல் காய்ந்தாலும் தட்டு 12இல்தான் வரும். நூறு வெள்ளி போயிற்று, கடை அதே 17இல் திறக்கும். தச்சர் ஒரு நாள் குறைக்க 150 வெள்ளி கேட்கிறார். அவருக்குக் கொடுப்பதில்தான் பயன். இரண்டு நாளுக்கு 300 வெள்ளி கொடுத்தால் தட்டு 10இல் வரும், கடை 15இல் திறக்கும். உற்சாகத்தில் மூன்றாம் நாளுக்கும் 150 கொடுத்தால்? தட்டு 9இல் வந்துவிடும். சாயமோ 10இல்தான் காயும். கடை அதே 15. மூன்றாவது 150 வெள்ளி வீண். ஏனெனில் இரண்டு நாள் குறைத்ததுமே மின்கம்பியும் சாயமும் சேர்ந்த வரிசையும் தாங்காத சங்கிலியாகிவிட்டது. இப்போது சங்கிலி இரண்டு. இவ்வழியில் மேலும் ஒரு நாள் குறைக்கத் தச்சருக்கும், ஒயர்மேன் அல்லது சாயக்காரர் ஒருவருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இவ்வாறு பணம் கொடுத்து நாள் வாங்குவதற்குத்தான் 'கிராஷிங்' என்று பெயர். மோதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'நாள் வாங்குதல்' என்று எழுதினால் போதும். ஒவ்வொரு நாளாக வாங்கி, ஒவ்வொரு முறையும் சங்கிலி மாறிற்றா என்று மீண்டும் எண்ணிப் பார்ப்பதே முறை.

மீதிச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்வோம். 'மைல்ஸ்டோன்' என்பதற்கு மைல்கல் என்ற நம் சொல்லே பொருந்தும். கல் வழியைக் காட்டுமேயன்றி வழியைக் கூட்டாது. ஆகவே சாவி வாங்கியது, கடை திறந்தது ஆகிய மைல்கற்களுக்கு நாள் சுழியம். 1 என்று இடுவது தவறு. 'பேஸ்லைன்' என்பதை அடிக்கோடு என்று எழுதியிருந்தார் பையன். அடிக்கோடு எழுத்துக்குக் கீழே போடுவது. இது முதலில் எல்லாரும் ஒத்துக்கொண்டு பூட்டி வைத்த கணக்கு. 'பேசிய கணக்கு' என்போம். பிறகு நடப்பது 'நடந்த கணக்கு'. நடந்தது பிந்திவிட்டது என்பதற்காகப் பேசிய கணக்கை இரகசியமாகத் திருத்தினால் எவ்வளவு பிந்தியது என்பதே தெரியாமல் போகும். 'ஸ்கோப்' என்பது வேலையின் வரம்பு, அதாவது என்னென்ன செய்வோம் என்பதும் என்னென்ன செய்யமாட்டோம் என்பதும். தச்சரிடம் பாதியில், "கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி ஒன்றும் சேர்த்துச் செய்யுங்கள்" என்று சொல்வது வரம்பு மீறல். அதற்கு 3 நாள் பிடித்தால் கடை திறப்பு 20க்குப் போகும். அதே 3 நாள் வேலையைப் பெயர்ப்பலகைக்காரரிடம் சேர்த்திருந்தால் நாள் மாறாது. அங்கே 8 நாள் தாங்கும்.

தேர்வுத் தாளில் இத்தமிழ்ச் சொற்களை எழுதலாகாது. அங்கே பாடநூலின் சொல்லையே எழுத வேண்டும். இவை குறிப்பேட்டின் ஓரத்தில் இருக்கட்டும். கேள்வியைப் படித்ததும் பொருளை நினைவூட்டத்தான் இவை.

பழகிப் பார்க்க ஒரு கணக்குத் தருகிறோம். மற்ற அனைத்தும் முன்போலவே இருக்க, சரக்குக் கப்பல் பிந்தி, சரக்கு 7க்குப் பதிலாக 16ஆம் நாள் வந்து சேர்கிறது. இப்போது தாங்காத சங்கிலி எது? யாருக்கு எத்தனை நாள் தாங்கும்? தாளை மூடி வைத்துப் போட்டுப் பார்த்தபின் கீழே காண்க.

விடை: கடை திறப்பு 19. தாங்காத சங்கிலி, சரக்கு வருவதும் அடுக்குவதும் ஆகிய இரண்டே. தச்சர் செய்வதற்கும் பொருத்துவதற்கும் இப்போது பொதுத் தாங்கல் 2, மின்கம்பிக்கும் சாயத்துக்கும் 4, பெயர்ப்பலகைக்கு 10. தச்சருக்குக் கூடுதலாகக் கொடுக்கவிருந்த 300 வெள்ளியைக் கடைக்காரர் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.